ஒன்றே முக்கால் வயதுப் பிள்ளை, ஸ்ட்ரோலர், நெல்லை: கொண்டு வரலாமா வேண்டாமா?

செல்வி_மகாராஜநகர்

எல்லாருக்கும் வணக்கம். நான் சென்னையில் இருக்கிறேன், அம்மா வீடு பாளையில் மகாராஜநகர் பக்கம். சித்திரை விடுமுறைக்கு மூன்று வாரம் வருகிறேன். வீட்டுக்காரருக்கு லீவு கிடையாது, நானும் பையனும் மட்டும்தான். பையனுக்கு ஒன்றே முக்கால் வயது, பதினோரு கிலோ. நடப்பான், ஆனால் கொஞ்ச தூரம் போனதும் "தூக்கு" என்று நின்றுவிடுவான். எனக்கு முதுகு வலி உண்டு, அதனால் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு அலைய முடியாது.

நெல்லை எக்ஸ்பிரஸில் வருகிறேன். வந்த பிறகு திருச்செந்தூருக்கு ரயிலில் ஒரு தடவை, டவுனுக்கு, நெல்லையப்பர் கோவிலுக்கு, அப்புறம் வண்ணாரப்பேட்டை துணிக்கடை. காரோ டூவீலரோ கிடையாது, பஸ், ரயில், ஆட்டோதான். ஸ்ட்ரோலரைக் கொண்டு வந்தால் பிரயோஜனப்படுமா, பாரமாகிவிடுமா? லிஃப்ட், பால் கொடுக்கிற இடம் இதெல்லாம் எப்படி? இன்னும் தாய்ப்பாலும் குடிக்கிறான்.

ரதவீதிக்காரன்

கொண்டு வராதீங்க. அவ்வளவுதான் பதில்.

டவுனில் நடைபாதை என்று ஒன்று எங்கே இருக்கிறது? இருக்கிற இடத்திலும் கடைக்காரர் பெட்டியை வெளியே வைத்திருப்பார், அதற்கு முன்னால் பைக் நிற்கும். நீங்கள் ரோட்டில்தான் தள்ள வேண்டும். பின்னால் ஆட்டோ ஹார்ன் அடிப்பான், எதிரே மாடு வரும். கோவிலுக்குள் வாசல்படிக் கல் முழங்கால் உயரம். எங்கள் தெருவில் வெளிநாட்டில் இருந்து வந்த ஒரு குடும்பம் பெரிய வண்டியோடு இறங்கியது, கடைசியில் பிள்ளையைத் தாத்தா தூக்கிக்கொண்டு போனார், வண்டியில் அல்வாப் பொட்டலம் போனது.

சிக்னல்_சுப்பையா

ரதவீதித் தம்பி சொன்னது டவுனுக்குச் சரி. ஊர் முழுக்க அப்படி இல்லை. நான் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன், பேத்தியை ஸ்ட்ரோலரில் வைத்து இந்தப் பக்கம் எல்லாம் போயிருக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

நம்ம ஊரில் தள்ளிக்கொண்டு போகிற தூரம் குறைவு, காத்திருக்கிற நேரம் அதிகம். பிளாட்பாரத்தில், பஸ் ஸ்டாண்டில், டாக்டர் வீட்டு வரிசையில் அரை மணி, ஒரு மணி என்று போகும். அந்த நேரத்தில் பிள்ளை உட்கார, தூங்க ஒரு இடம் வேண்டும். ஸ்ட்ரோலர் அதற்குத்தான் உதவும். அதனால் கேள்வி கொண்டு வரலாமா என்பதில் இல்லை. ஒரே கையால் மடக்க முடியுமா, மடக்கியதை ஒரு கையால் தூக்க முடியுமா என்பதில்தான் இருக்கிறது. குடை மாதிரி நீளமாக மடங்குகிற வகை ஐந்தாறு கிலோதான் இருக்கும், ரயிலில் கீழ் பெர்த்துக்கு அடியில் நீளவாக்கில் போய்விடும். பெரிய சக்கரம் வைத்த பத்துப் பன்னிரண்டு கிலோ வண்டி என்றால் சென்னையிலேயே விட்டுவிடுங்கள்.

அடுத்தது, ஏறுகிற இடம். தனியாக வருகிறவர் எதில் ஏறினாலும் அது புறப்படுகிற இடத்தில் ஏற வேண்டும். நடுவழியில் வேண்டாம். நெல்லை எக்ஸ்பிரஸ் எழும்பூரில் கிளம்பி நம்ம ஜங்ஷனில் முடிகிறது, ரெண்டு பக்கமும் அவசரம் இல்லை. திருச்செந்தூர் பாசஞ்சரும் ஜங்ஷனில் கிளம்பி அங்கே போய் முடிகிறது. வண்டி காலியாக நிற்கும்போதே ஏறலாம், எல்லாரும் இறங்கின பிறகு இறங்கலாம்.

பாளை_பாண்டி

ஐயா, மகாராஜநகரில் இருந்து ஜங்ஷனுக்கு எதற்கு? திருச்செந்தூர் வண்டி பாளையங்கோட்டை ஸ்டேஷனிலும் நிற்குமே. கூட்டம் குறைவு, ஆட்டோக் காசும் மிச்சம்.

சிக்னல்_சுப்பையா

நிற்கும், பாண்டி. ஆனால் நிற்பது கொஞ்ச நேரம்தான். உங்களைப் போல ஆள் தொங்கிக்கொண்டு ஏறிவிடலாம். ஒரு பொம்பளைப் பிள்ளை, கையில் குழந்தை, தோளில் பை, இன்னொரு கையில் ஸ்ட்ரோலர் என்றால் கதவு எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்து ஓடவே நேரம் சரியாகிவிடும். ஜங்ஷனிலேயே ஜன்னல் சீட்டெல்லாம் நிரம்பியும் வரும். நாள்கிழமைகளில் இன்னும் மோசம்.

இன்னொரு விஷயம், பாலக்காட்டில் இருந்து வருகிற திருச்செந்தூர் வண்டியும் இதே வழிதான் போகிறது. அது மதுரைப் பக்கத்துக் கூட்டத்தோடு வரும். செல்விம்மா, நீங்கள் ஜங்ஷனில் கிளம்புகிற வண்டியாகக் கேட்டுப் பாருங்கள். 61 கிலோமீட்டர்தான், ஒன்றரை மணி நேரம் போல ஆகும். அஞ்சு வயசு ஆகாத பிள்ளைக்கு டிக்கெட் கிடையாது.

கேடிசி_நகர்_குமார்

விமானத்தில் வந்தால் ஸ்ட்ரோலரை விமான வாசல் வரை கொண்டு போகலாம், அங்கே ஊழியர்கள் வாங்கிக்கொள்வார்கள். தூத்துக்குடியில் இறங்கிக் கார் பிடித்தால் மகாராஜநகர் கிட்டத்தான். எதற்கு ரயிலில் கஷ்டப்படணும்?

செல்வி_மகாராஜநகர்

குமார் அண்ணா, டிக்கெட் ஏற்கெனவே போட்டாச்சு, நெல்லை எக்ஸ்பிரஸ்தான் :) வந்த பிறகு ஊருக்குள் சுற்றுவதைப் பற்றித்தான் கேட்டேன்.

சுப்பையா ஐயா, நன்றி. என் ஸ்ட்ரோலர் குடை வகைதான், ஆறு கிலோ சொச்சம். ஏறும்போது எதை முதலில் ஏற்ற வேண்டும்? எனக்கு அதுதான் பயம். ஜங்ஷனில் வேறு பிளாட்பாரம் என்றால் மேம்பாலம் ஏற வேண்டுமே.

சிக்னல்_சுப்பையா

பயப்பட வேண்டியதும் அதற்குத்தான். பிள்ளையை முதலில் பெட்டிக்குள் வைத்துவிட்டு ஸ்ட்ரோலரை எடுக்கக் கீழே இறங்காதீர்கள். எந்த அவசரத்திலும் கூடாது. ரயில் அசைந்துவிட்டால் பிள்ளை உள்ளே, நீங்கள் வெளியே. பஸ்ஸுக்கும் இதேதான். பிள்ளை எப்போதும் உங்கள் உடம்போடு இருக்க வேண்டும்.

ஆக, ஸ்ட்ரோலரோடு ஒரு கேரியர் பையும் வேண்டும், நெஞ்சோடு கட்டிக்கொள்கிற வகை. பதினோரு கிலோ முதுகுக்குக் கஷ்டம்தான், ஆனால் ஏறுகிற, இறங்குகிற பத்து நிமிஷத்துக்கு மட்டும். இடுப்புப் பட்டை அகலமாக இருந்தால் எடை தோளில் விழாது. வண்டி பிளாட்பாரத்தில் வந்து நின்ற பிறகு பிள்ளையை எடுத்துக் கேரியரில் கட்டுங்கள். பை முதுகில். ஸ்ட்ரோலரை மடக்கிக் கொக்கியைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் தூக்கும்போது விரியும். அதை முதலில் வாசலுக்குள் தள்ளி ஒரு பக்கச் சுவரோடு சாய்த்துவிட்டு, ரெண்டு கையும் காலியாக, கம்பியைப் பிடித்து ஏறுங்கள். பிளாட்பாரத்துக்கும் பெட்டித் தரைக்கும் நடுவில் ஒரு பெரிய படி உயரமும் ஒரு இடைவெளியும் உண்டு. விரித்த ஸ்ட்ரோலரைப் பிள்ளையோடு தூக்கி வைக்க நினைத்தால் முன்சக்கரம் அந்த இடைவெளிக்குள்தான் இறங்கும்.

பிளாட்பாரத்தில் நிற்கும்போது ஸ்ட்ரோலரைத் தண்டவாளத்தைப் பார்த்து நிறுத்தாதீர்கள். தண்டவாளத்துக்கு இணையாக, மஞ்சள் கோட்டுக்கு நன்றாக உள்ளே தள்ளி, பிரேக்கும் போட்டு, பிள்ளைக்குப் பெல்ட்டும் போட்டு நிறுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத சாய்வு எந்தப் பக்கம் என்று தரையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பாளை_பாண்டி

மேம்பாலம் ஏன் ஏறணும்? பிளாட்பாரம் முடிகிற இடத்தில் பார்சல் தள்ளுவண்டி போகச் சரிவு இருக்கும். அதில் இறங்கித் தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் ஏறிவிடலாம். சக்கர வண்டிக்கு அதுதான் வசதி. நாங்கள் எல்லாம் அப்படித்தான்.

சிக்னல்_சுப்பையா

பாண்டி, சரிவு இருப்பது உண்மை. அது ஊழியர்கள் வண்டி வருகிறதா என்று கேட்டுவிட்டுத் தாண்டுகிற வழி, பயணிகளுக்கு இல்லை. ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவில் அத்துமீறலுக்கு ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ உண்டு. சட்டத்தை விடுங்கள், தாண்டுகிற இடத்தில் பதித்திருக்கிற பலகைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ரயில் சக்கரம் போக விட்டிருக்கிற சந்து இருக்கிறதே, ஸ்ட்ரோலரின் சின்ன முன்சக்கரம் அதற்குள் கச்சிதமாக உட்காரும். இப்போது மின்சார வண்டி, புகையும் இல்லை, பெரிய சத்தமும் இல்லை. கிட்டே வந்த பிறகுதான் தெரியும்.

லிஃப்டில் போங்கள். ஒண்ணாம் பிளாட்பாரத்துக்குள் நுழைந்ததும் ரெண்டு விஷயம் கேளுங்கள்: வண்டி எந்த பிளாட்பாரம், லிஃப்ட் ஓடுகிறதா. ஓடவில்லை என்றால் போர்ட்டரிடம் ஸ்ட்ரோலரையும் பையையும் கொடுத்துவிட்டுப் பிள்ளையோடு படியில் போங்கள். காசு முன்கூட்டியே பேசிவிடுங்கள். எஸ்கலேட்டரில் விரித்த ஸ்ட்ரோலர் ஏற்றவே கூடாது. படி விரிகிற இடத்தில் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும், முழு எடையும் பின்னால் நிற்கிற உங்கள் மேல் சாயும்.

லிஃப்ட்_மெக்கானிக்_தச்சை

லிஃப்ட் என்றதும் வந்துவிட்டேன். தொழில் அதுதான்.

ஸ்ட்ரோலரோடு லிஃப்டில் எல்லாரும் முன்னால் தள்ளிக்கொண்டு நுழைகிறார்கள். அப்படிப் போனால் முதலில் உள்ளே போவது பிள்ளை, வெளியே நிற்பது நீங்கள். கதவு மூட ஆரம்பித்தால் மாட்டுவது ஸ்ட்ரோலர். திரும்பி நின்று, நீங்கள் முதலில் பின்னால் நடந்து உள்ளே போய், வண்டியை இழுத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரம் பெரிசு, தரைக்கும் லிஃப்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தைத் தாண்டிவிடும். சின்ன முன்சக்கரம் கடைசியில், எடை இல்லாமல் வரும், கைப்பிடியைக் கொஞ்சம் அழுத்தினால் அதுவே தூக்கிக்கொள்ளும். சந்தை நேராகத் தாண்டணும், கோணலாகப் போனால்தான் சுழல்கிற சக்கரம் திரும்பி அதில் விழும்.

கதவில் சென்சார் இருக்கிறதே என்று நம்பாதீர்கள். புதிய லிஃப்டில் கீழிருந்து மேல் வரை திரை மாதிரி ஒளிக்கதிர் இருக்கும், நல்லது. பழசில் முழங்கால் உயரத்தில் ஒன்று, இடுப்பு உயரத்தில் ஒன்று என்று இரண்டே கதிர். ஸ்ட்ரோலரின் முன்சக்கரமும் கால் வைக்கிற பலகையும் அதற்குக் கீழே போய்விடும், வாசல் காலி என்றுதான் கதவுக்குத் தெரியும். கூட யாராவது இருந்தால் திறக்கிற பொத்தானை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள்.

வண்ணாரப்பேட்டைக் கடைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடை லிஃப்ட் பெரும்பாலும் சின்னது. ஸ்ட்ரோலரும் நீங்களும் நுழைந்தால் நிரம்பிவிடும். பழைய கட்டிடத்தில் மடக்குக் கிரில் கதவு வைத்த லிஃப்ட் இன்னும் இருக்கிறது. அதில் ஸ்ட்ரோலரை விரித்து ஏற்றாதீர்கள், பிள்ளையின் கை கிரில் சந்துக்குள் போகும். கரண்ட் போனால், மீட்புக் கருவி பொருத்தியிருக்கிற லிஃப்ட் பேட்டரியில் மெதுவாகப் பக்கத்துத் தளத்துக்கு வந்து தானாகத் திறக்கும். அது இல்லாததில் அப்படியே நிற்கும். மணியை அழுத்திவிட்டு உள்ளேயே இருங்கள். கதவை நெம்பி இறங்கப் பார்ப்பவர்கள்தான் அடிபடுகிறார்கள்.

ரதவீதிக்காரன்

அப்போ டவுனுக்கு என்ன செய்யச் சொல்றீங்க? பஸ்ஸில் இதை எப்படி ஏற்றுவார்கள்? சென்னையில் 2024-இல் தாழ்தளப் பேருந்து விட்டார்கள், அங்கே தள்ளிக்கொண்டே ஏறலாம். இங்கே டவுன் பஸ் மூன்று படி.

ஓட்டுநர்_வீட்டு_மதினி

எங்க வீட்டுக்காரர் டவுன் பஸ் ஓட்டியவர், நானும் இரண்டு பிள்ளைகளை அதே பஸ்ஸில் வளர்த்தவள். சொல்றேன் கேளுங்க.

பாளை பஸ் ஸ்டாண்டில் இருந்து முருகன்குறிச்சி, வண்ணாரப்பேட்டை, சுலோச்சன முதலியார் பாலம், ஜங்ஷன், அப்புறம் டவுன் என்று எல்லாம் ஒரே வழி. வழி நடுவில் ஸ்டாப்பில் நின்று கை காட்டாதீங்க. ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டுக்கே போய், பஸ் காலியாக நிற்கும்போது ஏறுங்க. காலையில் பள்ளிக்கூடம் போகிற நேரமும், சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுகிற நேரமும் பாளையில் பஸ் பக்கமே போகாதீங்க. சித்திரையில் லீவு, அது ஒரு வசதி. பத்தரை, பதினொரு மணிக்குக் கிளம்பினால் உட்கார இடம் கிடைக்கும். ஆனால் வெயில்.

மடக்கின வண்டியை முன்படியில் ஏற்றி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தடுப்போடு சாய்த்து நிறுத்தணும். இஞ்சின் பானட் மேல் வைக்காதீங்க. எல்லாரும் மூட்டையை அதில்தான் வைப்பார்கள், ஆனால் அது சுடும். பிளாஸ்டிக் பிடியும் சீட்டுத் துணியும் சூடேறி, அப்புறம் பிள்ளையை அதில் உட்கார வைத்தால் கத்தும். வண்டிக்குப் பக்கத்திலேயே சீட்டு பிடித்து, ஒரு நாடாவால் கம்பியில் கட்டிவிடுங்க, பிரேக் போட்டால் சரியாது. முன் கண்ணாடியைப் பார்த்த முதல் சீட்டில் பிள்ளையோடு உட்கார வேண்டாம், ரெண்டாவது வரிசை நல்லது.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் உங்களுக்கு டிக்கெட் காசு இல்லை, ஆனாலும் கட்டணமில்லாச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்க, செக்கிங் வந்தால் அது வேணும். அஞ்சு வயசுக்குள் பிள்ளைக்கும் கிடையாது.

பாளை_பாண்டி

மதினி, லக்கேஜ் டிக்கெட்? எனக்குத் தெரிந்த ஒருவரிடம் மடக்கிய ஸ்ட்ரோலருக்குக் காசு கேட்டார்கள். அது லக்கேஜா, பிள்ளையின் சாமானா?

ஓட்டுநர்_வீட்டு_மதினி

அது கண்டக்டர் பார்த்துச் சொல்வதுதான். சிலர் கேட்பார்கள், பலர் கேட்க மாட்டார்கள். கேட்டால் கொடுத்துட்டு உட்காருங்க. எங்க வீட்டுக்காரர், மடியில் வைக்க முடிந்தால் லக்கேஜ் இல்லை என்பார். இன்னொருத்தர் வேற சொல்வார்.

சிக்னல்_சுப்பையா

எங்கள் பக்கம் இவ்வளவு தகராறு கிடையாது. ரயிலில் மடக்கிய ஸ்ட்ரோலருக்கு யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. வழியை மறைக்காமல் வைத்தால் போதும்.

தென்காசி_மருமகள்

இழையைத் திருப்புவதற்கு மன்னிக்கவும். எனக்கு ஏழு மாதக் கைக்குழந்தை. தென்காசியில் இருந்து பாளைக்கு டாக்டரைப் பார்க்க மாதாமாதம் பஸ்ஸில் வருகிறோம், காலை கிளம்பினால் திரும்ப மாலையாகிவிடும். தாய்ப்பாலும் பவுடர் பாலும் ரெண்டும் கொடுக்கிறேன். ஒரு பஸ் ஸ்டாண்டில் பாலூட்டும் அறை பூட்டியே கிடந்தது. மாமியார், பாலைக் காய்ச்சி சூடாக ஃப்ளாஸ்கில் ஊற்றிக்கொண்டால் சாயங்காலம் வரைக்கும் இருக்கும் என்கிறார். சரியா?

நர்ஸ்_ஹைகிரவுண்ட்

முதலில் ஃப்ளாஸ்க். மாமியார் சொல்வது பாதி சரி. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ரெண்டு மணி நேரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அடிக்கடி திறந்து ஊற்றும்போது அது வெதுவெதுப்புக்கு இறங்கும். அந்த வெதுவெதுப்பில்தான் கிருமி வேகமாகப் பெருகும், நாம் தயிர் உறைய வைக்கிற சூடு அது. கெட்டுப்போனது வாசனையில் தெரிவதற்கு முன்பே குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்துவிடும். அதனால் பாலைக் கலந்து எடுத்துப் போகாதீர்கள். ஃப்ளாஸ்கில் கொதித்த வெந்நீர் மட்டும், சின்ன டப்பாவில் பவுடரை வேளைக்கு அளந்து தனித்தனியாக. வேண்டிய நேரத்தில் கலந்து, கைக்குப் பொறுக்கிற சூட்டுக்கு ஆற்றிக் கொடுங்கள். கலந்த பவுடர் பாலை ரெண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடணும், குழந்தை வாய் வைத்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள், மனசு வரவில்லை என்றால் நீங்கள் குடியுங்கள்.

ஏழு மாதக் குழந்தைக்குப் பசும்பாலைப் பிரதான உணவாகக் கொடுக்க வேண்டாம், அதை டாக்டரிடமும் கேளுங்கள்.

பீய்ச்சி வைத்த தாய்ப்பால் 25 டிகிரிக்குள் நாலு மணி நேரம் இருக்கும் என்பார்கள். நம்ம ஊர் மத்தியானத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. ஐஸ் பொதி இல்லாமல் எடுத்து வராதீர்கள்.

அறை விஷயம். 2015 ஆகஸ்டில் தமிழ்நாடு முழுக்கப் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். அறை இருந்தும் சாவி இல்லாமல் நிற்பது பல ஊரில் நடக்கிறது. பூட்டியிருந்தால் நேரக் காப்பாளர் அறையில் கேளுங்கள். சாவி பெரும்பாலும் அங்கேயோ பக்கத்துக் கழிப்பறைக் காவலரிடமோ இருக்கும். உள்ளே போனதும் தாழ்ப்பாள் விழுகிறதா, மின்விசிறி ஓடுகிறதா பாருங்கள். விசிறி இல்லாத அறைக்குள் வேர்த்துக்கொண்டு உட்கார்வதை விட, ஜங்ஷன் ரயில்வே ஸ்டேஷனில் பெண்கள் காத்திருப்பு அறை மேல். பயணச் சீட்டு இருந்தால் கேள்வி இல்லை.

தென்காசி_மருமகள்

நன்றி அக்கா. அப்போ ரயிலில் வந்துவிடலாம் போல. செங்கோட்டை பாசஞ்சர் தென்காசி வழியாகத்தானே வருகிறது.

நர்ஸ்_ஹைகிரவுண்ட்

வரலாம். ஆனால் நீங்கள் நடுவழியில் ஏறுகிறீர்கள், சுப்பையா ஐயா சொன்னதைப் படியுங்கள். கூட ஒரு ஆள் இருந்தால் ரயில், தனியாக என்றால் தென்காசியில் கிளம்புகிற பஸ்.

செல்வி, உங்கள் பையனுக்கு ஒன்றே முக்கால் வயது, அவன் கணக்கு வேறு. வழியில் பால் கட்டாயமில்லை. இட்லி, வாழைப்பழம், தண்ணீர் போதும். பால் வேண்டும் என்று அடம் பிடித்தால் சர்க்கரை சேர்க்காத சின்ன டெட்ரா பால் பாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள், திறக்கும் வரை குளிர்பெட்டி வேண்டாம், திறந்தால் அப்போதே முடித்துவிடணும்.

ஸ்ட்ரோலரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகணும். வெயிலுக்கு மேலே துண்டைப் போட்டு மூடுகிறார்கள். உலர்ந்த துணியால் மூடினால் உள்ளே காற்று ஓடாது, வெளியே விடச் சூடு ஏறும். பிள்ளை தூங்குகிறான் என்று நினைப்பீர்கள், சோர்ந்து கிடப்பான். கூடாரத்தை மட்டும் இழுத்து, பக்கங்களைத் திறந்து விடுங்கள். கழுத்துக்குப் பின்னால் கை வைத்துப் பாருங்கள், அனலாக இருந்து வேர்வையும் இல்லை என்றால் உடனே நிழலில் எடுத்துத் தண்ணீர் கொடுங்கள். சித்திரையில் பதினொன்றில் இருந்து நாலு வரை ஸ்ட்ரோலர் வேண்டாம் என்பேன். மதினி சொன்ன பதினொரு மணி பஸ்ஸில் எனக்குச் சம்மதம் இல்லை.

ஓட்டுநர்_வீட்டு_மதினி

சரிம்மா. ஆனால் ஒன்பது மணி பஸ்ஸில் நீங்களே ஏறிப் பார்த்துச் சொல்லுங்க.

ரதவீதிக்காரன்

கோவிலுக்கு நான் ஒரு வழி சொல்கிறேன். ஸ்ட்ரோலரை டவுனுக்குக் கொண்டு வராதீர்கள், கேரியர் பை மட்டும் போதும். அதிகாலை நடை திறந்ததும் வாருங்கள், கூட்டமும் இருக்காது, கல் தரையும் சுடாது. சுவாமி சன்னதியில் இருந்து அம்மன் சன்னதிக்குச் சங்கிலி மண்டபம் வழியாகப் போகலாம், நிழல். பிள்ளை அங்கே ஓடட்டும், பெரிய பிரகாரம். மத்தியானக் கல்லில் மட்டும் வெறுங்காலோடு இறக்கிவிடாதீர்கள்.

ஸ்ட்ரோலரைச் செருப்புக் காப்பிடத்தில் வாங்குவார்களா என்று சிலர் கேட்டார்கள். வாங்கினதையும் பார்த்திருக்கிறேன், மறுத்ததையும் பார்த்திருக்கிறேன்.

செல்வி_மகாராஜநகர்

வந்து சேர்ந்தாச்சு, திருச்செந்தூரும் போயாச்சு. உபயோகப்படும் என்று எழுதுகிறேன்.

வீட்டில் இருந்து ஜங்ஷனுக்கு ஆட்டோ. பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கிற இடத்தில் மடக்கிய ஸ்ட்ரோலர் போய்விட்டது. ஸ்டேஷனில் வண்டி போடுவதற்கு முன்பே போய்விட்டோம், பையன் ஸ்ட்ரோலரில் உட்கார்ந்து இட்லி தின்றான். ஐயா சொன்னதுபோலக் கேரியரில் கட்டி, ஸ்ட்ரோலரை முதலில் தள்ளி ஏறினேன். வாசலை ஒட்டிய கடைசி சீட்டில் உட்கார்ந்தோம், ஸ்ட்ரோலர் சீட்டுக்கு அடியில். ஆனால் வாசல் பக்கம் கழிப்பறை, நாற்றம் கொஞ்சம் வந்தது. அடுத்த தடவை ஒரு வரிசை உள்ளே உட்காருவேன்.

பால் கொடுக்க ஜன்னல் ஓரம் சால்வை போட்டுக்கொண்டேன். எதிரே இருந்த ஆச்சி தானாகவே எழுந்து மறைத்து உட்கார்ந்துகொண்டார். திருச்செந்தூரில் எல்லாரும் இறங்கின பிறகு இறங்கினோம். கோவில் வரை ஆட்டோ. கடற்கரை மணலில் சக்கரம் நகரவே நகராது, அதை யாரும் சொல்லவில்லை! அங்கே கேரியர்தான்.

திரும்பும்போது வெளியூர்க் கூட்டம். வண்டி அங்கேயே கிளம்புவதாக இருந்தும் அரை மணி முன்னால் போனவர்களுக்குத்தான் இடம். ஸ்ட்ரோலரை வைக்க இடமில்லாமல் ஒரு தம்பி மேல் சாமான் தட்டில் ஏற்றிக் கொடுத்தார்.

சிக்னல்_சுப்பையா

மேல் தட்டில் வைத்தால் சக்கரம் உள்பக்கம் இருக்கும்படி வைத்துக் கட்டிவிடணும்மா, ஆட்டத்தில் உருண்டு வரும். விசாக நாட்களில் அந்த வண்டியில் ஸ்ட்ரோலரை நினைக்கவே வேண்டாம்.

லிஃப்ட்_மெக்கானிக்_தச்சை

லிஃப்ட் ஏறினீர்களா?

செல்வி_மகாராஜநகர்

போகும்போது தேவைப்படவில்லை, வண்டி ஒண்ணாம் பிளாட்பாரத்திலேயே நின்றது. நேற்று வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில் ஏறினேன், பின்னால் நடந்துதான். முன்சக்கரம் சந்தில் லேசாக இடித்தது, கைப்பிடியை அழுத்தியதும் வந்துவிட்டது. ஆனால் மூன்றாவது மாடியில் துணிக்கட்டு ஏற்றுகிறவர்கள் லிஃப்டை விடவே இல்லை. கடைசியில் படியில்தான் இறங்கினேன்.

இன்னொரு கேள்வி. அடுத்த வாரம் புது பஸ் ஸ்டாண்டில் இருந்து நாகர்கோவிலுக்குப் போகணும். அந்த பஸ்ஸில் டிக்கி இருக்குமா? கண்டக்டர் திறப்பாரா?

ஓட்டுநர்_வீட்டு_மதினி

வேய்ந்தான்குளத்தில் நிற்கிற வெளியூர் பஸ்ஸில் பின்னால் டிக்கி இருக்கிறதை முதலில் பார்த்துக்கோங்க, எல்லாத்திலும் இருக்காது. இருந்தால் ஏறுவதற்கு முன்பே கண்டக்டரிடம் சொல்லுங்க, கிளம்பின பிறகு கேட்டால் அவர் இறங்கி வர மாட்டார். இறங்குகிற இடத்தையும் அப்போதே சொல்லிடுங்க. உள்ளே தூசி இருக்கும், வண்டியை ஒரு பழைய சேலையில் சுற்றிப் போடுங்க. இது வெளியூர் பஸ், உங்களுக்கு முழு டிக்கெட் உண்டு.